பால் ‘ஓடிப்போகும்’ மொழியில் ஒரு பொங்கல் அழைப்பு

ஜனவரி பிறந்தால் தகனினிப் பக்கம் நம்ம ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பானைக்கு முன்னாடி பொங்குவது அழைப்புப் பதிவுதான். ஹால் கிடைச்சதா, கரும்பு எங்கே வாங்குறது, அரிசி எத்தனை கிலோ என்ற பேச்சுக்கு நடுவில் யாராவது ஒருவர் ஐந்தே நிமிடத்தில் ஒரு பதிவைத் தட்டிப் போட்டுவிடுவார். அது பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும், நிறைய எமோஜியும் வால் மாதிரி ஒரு ஹேஷ்டேக் வரிசையும் சேர்ந்திருக்கும். நமக்குள் சுற்றும்வரை அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

இப்போது அதே பதிவை வேறொரு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பில் ரஷ்ய மொழி பேசும் ஒரு குடும்பம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். ஆனால் ஜனவரி பள்ளி விடுமுறை மாதம். அவர்கள் வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கிறார். சனிக்கிழமை காலை பிள்ளையை எங்கே கூட்டிப்போவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். நம்ம வீடுகளிலும் அதே கதைதானே! அந்தப் பாட்டி படித்துவிட்டு, “சரி, போய்ப் பார்ப்போம்” என்று கிளம்பணும். அதுதான் இந்த மாதப் பத்தியின் வேலை.

நம்ம குழுக்களில் வழக்கமாக வரும் பாணியில் ஒரு பதிவை நானே எழுதி எடுத்துக்கொண்டேன்:

```
🌾☀️ Pongalo Pongal!!! ☀️🌾
Hey fam! Join us Sat 17/1, 10am, Takanini.
Kolam, sugarcane 🎋, sweet rice with raisins 🍯
Watch the pot boil over! 🔥🔥
Bring the kids, bring a plate 🙏🙏🌹🌹
#Pongal #TamilPride #blessed #foodie
#AucklandTamils #familytime
```

இதை வரிக்கு வரி ரஷ்ய மொழியில் மாற்றினால் என்ன ஆகும்? இலக்கணம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் பாட்டிக்கு அது ஒரு விளம்பரம் மாதிரியும், கொஞ்சம் சாவு வீட்டு அழைப்பு மாதிரியும் தெரியும். ஏன் அப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், யாரைக் கூப்பிடுகிறோம்?

“ரஷ்யர்களே வாங்க” என்று தொடங்குவதுதான் முதல் சறுக்கல். ஆக்லாந்தில் ரஷ்ய மொழி பேசுகிறவர் எல்லாரும் ரஷ்யாவிலிருந்து வந்தவர் இல்லை. உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் என்று பல நாட்டுக்காரர்கள் வீட்டில் ரஷ்ய மொழி பேசுகிறார்கள். நம்மையும் அப்படித்தானே, “நீங்க இந்தியன்தானே” என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், மலேசியத் தமிழர், மதுரைக்காரர் எல்லாரையும் ஒரே சொல்லில் அடைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அந்த மொழியிலேயே இதற்கு இரண்டு தனிச் சொற்கள் உண்டு. ‘ரூஸ்கியே’ என்றால் ரஷ்யர்கள். ‘ருஸ்கயஸீச்னியே’ என்றால் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பிறகு, இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ரொம்பப் பெரிதாகிவிட்டது. கார்கிவிலிருந்து வந்த ஒரு அம்மா வீட்டில் ரஷ்ய மொழி பேசலாம், ஆனால் ‘ரஷ்யர்களே’ என்று அழைக்கும் பதிவை அதற்குமேல் படிக்க மாட்டார். அதே காரணத்துக்காக 🇷🇺 கொடி எமோஜியையும் போட வேண்டாம். மொழியைக் காட்டத்தான் நாம் அதைப் போடுவோம், ஆனால் படிக்கிறவர் நாட்டைத்தான் பார்ப்பார்.

இதோடு ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. போஸ்டர் பண்ணுகிற தம்பிகளுக்கு நியூசிலாந்தின் Z எழுத்தைப் பெரிதாக, ஸ்டைலாக வைக்கப் பிடிக்கும். ரஷ்ய எழுத்துகளுக்கு நடுவே லத்தீன் Z மட்டும் தனியாக நின்றால், 2022-க்குப் பிறகு அது போரை ஆதரிக்கும் குறி. நியூசிலாந்தை ரஷ்ய எழுத்திலேயே முழுக்க எழுதிவிட்டால் இந்தப் பேச்சே வராது.

அதனால் நம்ம பதிவு யாரையும் நாட்டை வைத்தோ இனத்தை வைத்தோ அழைக்காமல் ‘அன்பான அக்கம்பக்கத்தாரே’ என்று தொடங்கட்டும். ரஷ்ய மொழியில் `Дорогие соседи!`, அதாவது ‘தரகீயே சசேதி’. அழைக்கிறவர் யார், அழைக்கப்படுகிறவர் யார் என்பது அந்த இரண்டு சொல்லிலேயே தெளிவாகிவிடுகிறது.

நீயா, நீங்களா?

‘ஹே ஃபேம்’ என்பதை ரஷ்ய மொழியில் அப்படியே கொண்டுபோக வழியில்லை. முன்பின் தெரியாதவரை ‘குடும்பமே’ என்றால் கேலி மாதிரி இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், இங்கிலீஷில் ஒரே ஒரு ‘யூ’தான் இருக்கிறது. ரஷ்ய மொழியில் இரண்டு உண்டு. ‘தி’ என்றால் நீ, ‘வி’ என்றால் நீங்கள். தெரியாதவரிடமும் வயதில் பெரியவரிடமும் பேசும்போதும், பலரிடம் ஒரே சமயத்தில் பேசும்போதும் ‘வி’தான்.

இங்கே வளர்ந்த நம்ம பிள்ளைகள் தாத்தாவிடம் “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டதும் நாம் பதறிப்போய் “நீங்கன்னு சொல்லுடா” என்கிறோம். இங்கிலீஷ் வழியாக ரஷ்ய மொழிக்குப் போகிற பதிவிலும் இதே தவறு நடக்கும். ‘ஜாயின் அஸ்’ என்பதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. மாற்றுகிறவர் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். இங்கே தமிழ்தான் நமக்குக் கை கொடுக்கும். பதிவை முதலில் தமிழில், அந்தப் பாட்டியிடம் நேரில் சொல்கிற மாதிரி, ஒரு தடவை எழுதிப் பாருங்க. ‘வாங்க’ என்று எழுதும் இடமெல்லாம் ரஷ்ய மொழியில் ‘ப்ரிஹதீத்யே’ ஆகும். ‘வா’ என்று எழுதும் இடம் ‘ப்ரிஹதீ’. நம்ம ‘ங்க’ மாதிரியே அங்கேயும் வினைச்சொல்லின் வாலில்தான் மரியாதை இருக்கிறது. இங்கிலீஷிலிருந்து மாற்றும்போது தொலைகிற மரியாதை தமிழிலிருந்து மாற்றினால் பத்திரமாகப் போய்ச் சேரும்.

எழுத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே ஒருவருக்கு மரியாதையாகக் கடிதம் எழுதும்போது ‘வி’யின் முதல் எழுத்தைப் பெரிதாக `Вы` என்று எழுதுவது வழக்கம். பலருக்கும் பொதுவான அழைப்பில் சின்ன எழுத்து `вы` போதும். பொது அழைப்பில் பெரிய எழுத்தைப் போட்டால் மரியாதை ஒன்றும் கூடாது, ஏதோ கம்பெனி விளம்பரச் சீட்டு மாதிரிதான் இருக்கும். மூன்று ஆச்சரியக்குறிகளுக்கும் அதே கதைதான். ஒன்று போதும்.

தட்டோடு வந்தவர், பால் ஓடிப்போன வீடு

இனி உள்ளே இருக்கும் செய்தி. ‘பிரிங் எ ப்ளேட்’ என்றால் என்ன என்று நியூசிலாந்தில் வளர்ந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பகிர்ந்து சாப்பிட ஒரு பதார்த்தம் கொண்டு வரணும். ஆனால் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர் வெறும் தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்து நிற்கும் கதை இங்கே ரொம்பப் பழசு. ரஷ்ய மொழியில் ‘தட்டு’ என்றே மாற்றினால் பாட்டியும் தட்டோடுதான் வருவார். அந்த மொழியில் இதற்கான சொல்வழக்கு ‘பொது மேசைக்கு ஏதாவது’, அதாவது `к общему столу`.

சைவம் என்பதையும் விரித்துச் சொல்லணும். ‘வெஜிடேரியன்’ என்ற சொல் ரஷ்ய மொழியிலும் இருக்கிறது, ஆனால் முட்டை விஷயத்தில் அது உதவாது. முட்டைக்கோஸ் வைத்துச் சுடும் பை ரஷ்ய வீடுகளில் சர்வசாதாரணம். அதன் பூரணத்தில் அவித்த முட்டையை நறுக்கிப் போடுவதும் சாதாரணம். பாசத்தோடு சுட்டுக் கொண்டு வந்ததை நம்ம மாமி ஒருவர் தொடாமல் தள்ளி வைத்தால் இரண்டு பக்கமும் சங்கடம்தான். கிறிஸ்தவ நோன்புக்கால உணவைக் குறிக்கும் ‘போஸ்த்னயே’ என்ற சொல்லைப் போடலாமே என்று சிலர் நினைப்பார்கள். அதில் பால், வெண்ணெய்கூடக் கிடையாது. நாம் கேட்பதைவிட அது கடுமையானது. ஆக, நேராகச் சொல்வதே நல்லது: இறைச்சி, மீன், முட்டை இல்லாமல்.

இப்போது பொங்கலுக்கே வருவோம். ‘ஸ்வீட் ரைஸ் வித் ரெய்ஸின்ஸ்’ என்று எழுதி, பக்கத்தில் பானை மாதிரி இருக்கிறதே என்று 🍯 போட்டிருக்கிறோம். அது பானை இல்லை, தேன் ஜாடி. ரஷ்ய வழக்கத்தில் தானியம், தேன், திராட்சை மூன்றும் சேர்ந்தால் ‘குத்யா’ என்ற பதார்த்தம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவிலும் அதைச் செய்வார்கள். ஆனால் பல வீடுகளில் அரிசியும் திராட்சையும் போட்ட குத்யா என்றாலே இறந்தவர் நினைவுச் சாப்பாடுதான் ஞாபகத்துக்கு வரும். நம்ம பதிவு பாட்டியைக் கருமாதிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும்.

இதைச் சரி செய்ய ஒரே ஒரு சொல் போதும். ‘காஷா’ என்றால் கஞ்சி, களி மாதிரி குழைய வேகவைத்த தானியம். பாலில் வேகவைத்த இனிப்பு அரிசிக் காஷா அங்கே ஒவ்வொரு குழந்தையும் காலையில் சாப்பிட்டு வளரும் உணவு. ‘பாலில் செய்த இனிப்பு அரிசிக் காஷா’ என்று எழுதினால் துக்கம் போய் அங்கே குழந்தைப்பருவம் வந்துவிடும். திராட்சையைப் பதிவில் சொல்லவே வேண்டாம். பானையில் தாராளமாகப் போடுங்க!

அடுத்து பானை பொங்கி வழிவது. நமக்கு அதுதான் விழாவின் உச்சம். ரஷ்யச் சமையலறையில் பால் பொங்கினால் ‘மலகோ உபிஷாலா’ என்பார்கள், பால் ஓடிப்போச்சு என்று பொருள். திரும்பிப் பார்ப்பதற்குள் அடுப்பெல்லாம் வழிந்து, துடைக்கிற வேலை வந்து சேரும் தொல்லை அது. ‘பானை பொங்குவதைப் பாருங்க’ என்று விளக்கம் இல்லாமல் மாற்றினால், இதை ஏன் வந்து பார்க்கணும் என்று தோன்றும்.

ஆனால் அவர்களிடம் இன்னொரு வழக்கும் இருக்கிறது. வீட்டில் கோப்பை கீழே விழுந்து உடைந்தால், மனசைத் தேற்ற ‘க் ஷாஸ்தியு’ என்பார்கள், அது நல்லதுக்குத்தான், அதிர்ஷ்டத்துக்குத்தான் என்று பொருள். இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது: ‘பால் கட்டாயம் ஓடிப்போகும், எங்க வழக்கத்தில் அது அதிர்ஷ்டம்.’ பாட்டி சிரித்துவிடுவார். பொங்கலின் பொருளும் விளங்கிவிடும். ‘பொங்கலோ பொங்கல்’ என்பதன் அர்த்தத்தை மூன்று வரி விளக்கினாலும் இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேராது.

இன்னும் ஒரு பாலம் இருக்கிறது, அதை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. பழைய ஜூலியன் நாட்காட்டி இப்போதைய நாட்காட்டிக்கு 13 நாள் பின்னால் ஓடுகிறது. அதனால் ரஷ்யாவில் ஜனவரி 13 இரவு ‘பழைய புத்தாண்டு’ கொண்டாடுவார்கள். நம்ம போகியும் பொங்கலும் வரும் அதே நாட்கள்! ‘பழைய புத்தாண்டும் முடிஞ்சாச்சு, இன்னும் ஒரு பண்டிகை பாக்கி இருக்கு’ என்று தொடங்கினால் அழகாகத்தான் இருக்கும். உங்கள் மருமகளின் அம்மா ரஷ்யாவில் இருந்தால் அவருக்கு அனுப்பும் பதிப்பில் கட்டாயம் போடுங்க. ஆனால் தெருவுக்கெல்லாம் போகும் பதிப்பில் நான் போட மாட்டேன். உக்ரைனின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 2023-இல் அந்தப் பழைய நாட்காட்டியை விட்டுவிட்டு, கிறிஸ்துமஸை டிசம்பர் 25-க்கு மாற்றிக்கொண்டது. எந்த நாட்காட்டி என்பதுகூட இப்போது யார் பக்கம் என்ற பேச்சாகிவிட்டது. ஒரே மொழிதான், ஆனால் படிக்கிறவர் மாறினால் பதிவும் மாறணும்.

எமோஜி: எண்ணிப் பார்த்துப் போடுங்க

எமோஜி உலகத்துக்கே பொது மொழி என்பார்கள். பொங்கல் பதிவை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும். கரும்புக்கு எமோஜியே கிடையாது. அதனால் நம்ம ஆட்கள் 🎋 போடுவார்கள். அது ஜப்பானின் தனபத்தா விழாவுக்கு வேண்டுதல் சீட்டுகள் கட்டித் தொங்கவிடும் மூங்கில். நமக்குள் பழகிப்போனதால் கரும்பாகத் தெரிகிறது. வெளியே இருப்பவருக்கு அது மூங்கில்தான், ‘இது சீனப் பண்டிகையோ’ என்ற குழப்பம்தான் மிஞ்சும். எடுத்துவிடலாம்.

🌹🌹 இரண்டு ரோஜா. ரஷ்ய வழக்கத்தில் உயிரோடு இருப்பவருக்குப் பூ கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுக்கணும், ஒன்று, மூன்று, ஐந்து என்று. இரட்டைப்படை என்றால் அது கல்லறைக்கு. நாம் மொய் எழுதும்போது நூற்றியொன்று, ஐநூற்றியொன்று என்று ஒன்று கூட்டி வைக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி உணர்வுதான். எமோஜியில் இதை எல்லாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் பாட்டி பார்க்கலாம். குத்யாவும் இரட்டை ரோஜாவும் ஒரே பதிவில் வந்தால் அழைப்பு எதற்கென்றே சந்தேகம் வந்துவிடும்.

🙏 நமக்கு வணக்கம். ரஷ்ய மொழியில் எழுதுகிறவர்கள் அதை நன்றிக்கும், ‘தயவுசெய்து’ என்று கெஞ்சிக் கேட்பதற்கும், பிரார்த்தனைக்கும் போடுவார்கள். ‘உணவு கொண்டு வாங்க 🙏🙏’ என்றால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். அடுப்பைக் காட்ட நாம் போட்ட 🔥🔥 அங்கேயும் ‘செம’ என்ற பொருளில்தான் படிக்கப்படும். அதையும் விட்டுவிடலாம். மிஞ்சுவது ☀️ ஒன்று. சூரியனுக்கான பண்டிகை, சூரியன் எல்லா ஊரிலும் சூரியன்தான். அது ஒன்றே போதும்.

எமோஜியைக் குறைத்தால் பதிவு வறட்சியாக இருக்காதா என்று கேட்பீர்கள். அதற்கு ரஷ்ய மொழியிலேயே ஒரு வழி இருக்கிறது. அவர்கள் சிரிப்பைக் காட்ட வெறும் மூடும் அடைப்புக்குறி `)` போடுவார்கள், கண்ணுக்கான இரண்டு புள்ளி இல்லாமலே. ரஷ்ய விசைப்பலகையில் அந்த இரண்டு புள்ளியை அடிப்பது சிரமம் என்பதால் அது உதிர்ந்துபோனது என்று சொல்வார்கள். ஒரு குறி என்றால் மெல்லிய புன்னகை. `)))` என்றால் வாய்விட்டுச் சிரிப்பு. திறக்கும் குறி `(` வருத்தம். பால் ஓடிப்போகிற வரியின் கடைசியில் ஒரே ஒரு `)` போட்டால், இது நகைச்சுவை என்று அங்கேயே புரிந்துவிடும். அறிவிப்பு எழுத்தில் அதற்கு மேல் வேண்டாம். வரிக்கு வரி போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அரட்டை மாதிரி ஆகிவிடும்.

ஹேஷ்டேக் ஒரு முகவரி

இதுதான் பலருக்கும் புரியாத இடம். பதிவின் வரிகளை மொழிபெயர்க்கலாம், ஹேஷ்டேக்கை மொழிபெயர்க்க முடியாது. அது ஒரு முகவரி. அந்த முகவரியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்களா, யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டணும்.

நம்ம ஆறையும் எடுத்துக்கொள்வோம். `#TamilPride` என்பதில் வரும் ‘ப்ரைட்’ என்ற சொல் ரஷ்ய மொழியில் அப்படியே புழங்குகிறது. ஆனால் அங்கே அதற்குப் பொருள் ஓரினச் சேர்க்கையாளர் பேரணி, இல்லையென்றால் சிங்கக் கூட்டம். நம்ம ‘பெருமை’ அதில் இல்லை. அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு ‘தமிழ்ப் பெருமை’ என்று நேராக மாற்றினால் மேடை முழக்கம் மாதிரி இருக்கும், விருந்துக்குக் கூப்பிடும் தொனி போய்விடும். `#blessed` என்பதை மாற்றினால் தேவாலய வாசனை வரும். `#foodie`, `#familytime` இரண்டும் உலகமெல்லாம் கொட்டிக் கிடக்கும் குவியல்கள், தகனினியில் இருப்பவர் அதில் நம்மைத் தேட மாட்டார். நான்கும் போகட்டும்.

`#Pongal` வேண்டும், ரஷ்ய எழுத்தில் `#понгал`. ஊர் பெயரும் வேண்டும், ஆனால் இங்கேதான் கவனம் தேவை. ஆக்லாந்தை ரஷ்ய மொழியில் `Окленд` என்று எழுதுவார்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் ஓக்லாந்தையும் அதே எழுத்துகளில்தான் எழுதுவார்கள். `#окленд` மட்டும் போட்டால் அமெரிக்கப் பதிவுகளுக்கு நடுவே போய் நிற்போம். பக்கத்தில் `#новаязеландия`, அதாவது நியூசிலாந்து, இருந்தால் எந்த ஊர் என்ற சந்தேகம் இருக்காது.

அடுத்தது வேற்றுமை உருபு. தமிழில் ஆக்லாந்து, ஆக்லாந்தில், ஆக்லாந்துக்கு என்று சொல் மாறுகிறது இல்லையா? ரஷ்ய மொழியிலும் அப்படித்தான் மாறும். ‘நியூசிலாந்தில்’ என்றால் சொல்லின் கடைசி எழுத்து மாறி `Новой Зеландии` ஆகிவிடும். மனிதருக்கு இரண்டும் ஒரே நாடுதான், தேடுபொறிக்கு இரண்டும் வேறு வேறு ஹேஷ்டேக். அதனால் ஊர், நாடு, பண்டிகைப் பெயர்களை உருபு சேராத முதல் வடிவத்தில் எழுதுங்க. இடைவெளியோ இணைப்புக்கோடோ வந்தால் ஹேஷ்டேக் அங்கேயே அறுந்துவிடும், அதனால் இரண்டு சொல்லையும் ஒட்டியே எழுதணும்.

விழாப் படங்களைச் சேர்த்து வைக்க நமக்கென்று ஒரு ஹேஷ்டேக் வேண்டுமானால் `#понгалвтаканини` என்று வைக்கலாம், ‘தகனினியில் பொங்கல்’ என்று பொருள். தகனினி என்ற பெயர் ‘இ’ ஒலியில் முடிவதால் ரஷ்ய இலக்கணத்தில் அது எந்த உருபுக்கும் மாறாது. எழுத்துப்பிழைக்கு வாய்ப்பு குறைவு.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை. ரஷ்ய எழுத்துகளில் а, о, е, р, с ஐந்தும் இங்கிலீஷ் எழுத்து மாதிரியே தெரியும், ஆனால் கணினிக்கு அவை வேறு. விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிக்கும்போது `#понгал` என்பதில் ஒரே ஒரு இங்கிலீஷ் ‘ஓ’ நுழைந்துவிட்டால், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் யார் தேடினாலும் கிடைக்காது. கண்டுபிடிக்க வழி சுலபம். பதிவு போட்டதும் ஒவ்வொரு ஹேஷ்டேக்கையும் தொட்டுப் பாருங்க. மற்றவர்களின் பதிவுகளும் வந்தால் சரி. உங்களுடையது மட்டும் தன்னந்தனியாக நின்றால் அதை அழித்துவிட்டு, முழுக்க ரஷ்ய விசைப்பலகையில் திரும்ப அடியுங்க.

எங்கே போடுகிறோம் என்பதும் கணக்கு. வாட்ஸ்அப் குழுவில் ஹேஷ்டேக்குக்கு வேலையே இல்லை, எடுத்துவிடுங்க. டெலிகிராமில் அதைத் தொட்டால் தேடிக் கொடுக்கும். ‘விகே’ என்ற ரஷ்யச் சமூகத் தளத்தில் ஹேஷ்டேக்கோடு @ சேர்த்துக் குழுவின் பெயரையும் எழுதினால் அந்தக் குழுவுக்குள் மட்டும் தேடலாம். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் தடை செய்யப்பட்டன. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவை போதும். ரஷ்யாவில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு அவை போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம்.

முடிந்த பதிவு

```
Дорогие соседи!
В субботу, 17 января, в 10:00 приглашаем вас
на Понгал — тамильский праздник урожая ☀️
Сварим сладкую рисовую кашу на молоке.
Молоко обязательно убежит: у нас это к счастью)
Приходите с детьми! Если захотите, принесите
что-нибудь к общему столу, только без мяса,
рыбы и яиц.
Адрес: Takanini, Auckland
#понгал #новаязеландия #окленд
```

தமிழில் இதன் பொருள்: “அன்பான அக்கம்பக்கத்தாரே! ஜனவரி 17 சனிக்கிழமை காலை 10:00 மணிக்குத் தமிழர் அறுவடைத் திருநாளான பொங்கலுக்கு உங்களை அழைக்கிறோம். பாலில் இனிப்பு அரிசிக் காஷா செய்வோம். பால் கட்டாயம் ஓடிப்போகும், எங்க வழக்கத்தில் அது அதிர்ஷ்டம். பிள்ளைகளோடு வாங்க! விருப்பம் இருந்தால் பொது மேசைக்கு ஏதாவது கொண்டு வாங்க, இறைச்சி, மீன், முட்டை மட்டும் இல்லாமல்.”

கோலம் எங்கே போச்சு என்று கேட்பீர்கள். அதை விளக்க இன்னும் இரண்டு வரி வேணும். பதிவோடு போகும் படமாக வாசலில் போட்ட கோலத்தை வைத்துவிட்டால் விளக்கமே வேண்டாம். முகவரியை மட்டும் இங்கிலீஷ் எழுத்திலேயே விட்டிருக்கிறேன். முழு முகவரி சேர்க்கும்போதும் அப்படியே விடுங்க. பாட்டி அதை ஃபோன் வரைபடத்தில் அடிக்கணும், தெருமுனைப் பலகையிலும் அதே எழுத்துகளைப் பார்த்துத்தான் திரும்பணும்.

அனுப்புவதற்கு முன்னால் ரஷ்ய மொழி பேசும் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்க. காட்டும்போது “சரியா இருக்கா?” என்று கேட்காதீங்க, மரியாதைக்காக “ஆமா, நல்லா இருக்கு” என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்க. இதை எழுதினவருக்கு என்ன வயசு இருக்கும்னு தோணுது? என்ன கொண்டு வரணும்னு புரியுது? இதை யாருக்கு அனுப்பத் தயங்குவீங்க? முதல் பதிலில் தொனி தெரியும். இரண்டாவதில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். மூன்றாவதில் நமக்குத் தெரியாமல் யாருடைய மனசையாவது தொடுகிறோமா என்று தெரிந்துவிடும். உக்ரைன் குடும்பம் என்று தெரிந்தால், எந்த மொழியில் அனுப்பட்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்க. சிலருக்கு இப்போது இங்கிலீஷே போதும் என்று இருக்கும். அப்படிச் சொன்னால் இங்கிலீஷிலேயே அனுப்புங்க, ‘பிரிங் எ ப்ளேட்’ மட்டும் இல்லாமல்.